தவணை தொடங்கும் முன்பே வளரும் கடன்

கல்விக் கடனில் வட்டி ஓடத் தொடங்குவது, கல்லூரியின் கணக்குக்கு வங்கி முதல் கட்டணத்தை அனுப்பும் நாளில். மாதத் தவணை தொடங்குவது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதை வங்கிகள் ‘மொரட்டோரியம்’ என்கின்றன. தமிழில் தவணை விலக்குக் காலம் எனலாம். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கு இது மொத்தம் ஐந்து ஆண்டுகள் ஆகிறது. விலக்கு தவணைக்கு மட்டும்தான். வட்டி அந்த ஐந்து ஆண்டுகளும் நாள் தவறாமல் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு சேரும் என்பதைக் கடன் வாங்கும் முன்பே, தாளில் பேனாவால் கணக்கிட்டுவிட முடியும். பல குடும்பங்கள் அதைச் செய்வதில்லை. செய்பவர்களிலும் பலர் மொத்தக் கடனையும் வட்டி விகிதத்தையும் ஆண்டுகளையும் நேராகப் பெருக்கிவிடுகிறார்கள். ஆறு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மூன்று லட்சம் என்று விடை வரும். அது உண்மையைவிட அதிகம். வேறு சிலர், படிக்கும்போது வட்டி கிடையாது என்றே நம்பியிருந்து, முதல் தவணைக் கடிதம் வந்த பிறகு அதிர்ந்துபோகிறார்கள்.

சரியான கணக்குக்கு அடிப்படை இரண்டு. கடன் முழுவதும் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. ஆண்டுதோறும் அல்லது பருவந்தோறும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு ஏற்பத் தவணை தவணையாக விடுவிக்கப்படுகிறது. விடுவிக்கப்பட்ட தொகைக்கு மட்டுமே, விடுவித்த நாளிலிருந்து மட்டுமே வட்டி உண்டு. இரண்டாவது, மாதிரித் திட்டத்தின்படி இந்தக் காலம் முழுவதும் தனி வட்டிதான். சேர்ந்த வட்டி அசலோடு ஒட்டிக்கொண்டு மறுபடியும் வட்டி ஈட்டக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு முறை விடுவித்த தொகையையும், அது தவணை தொடங்கும்வரை எத்தனை மாதம் கடனாக நிற்கிறது என்பதையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போதும். கைமாற்றுக் கடனில் ‘நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்’ என்று பேசிப் பழகியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்பது ஆண்டுக்கு 12 சதவீதம். வங்கி சொல்லும் 10 சதவீதம் நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 83 காசு. லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய் 33 காசு. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கு எளிது.

ஒரு மாணவியின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பொறியியல் படிப்பு, நான்கு ஆண்டு. மொத்தக் கடன் ஆறு லட்சம் ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒன்றரை லட்சம் ரூபாய் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 10 சதவீதம், இடையில் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டு ஜூலை முடிவில் படிப்பு முடிகிறது. அடுத்த ஜூலை முடிவில் விலக்குக் காலம் முடிகிறது.

முதல் ஆண்டில் விடுவித்த ஒன்றரை லட்சம் 60 மாதங்கள் நிற்கிறது. இரண்டாம் ஆண்டுத் தொகை 48 மாதம், மூன்றாவது 36, நான்காவது 24. மொத்தம் 168 மாதங்கள். அதை ஒன்றரையால் பெருக்கினால் 252 லட்ச-மாதம். லட்சத்துக்கு மாதம் 833.33 ரூபாய் என்ற கணக்கில் வட்டி 2,10,000 ரூபாய். அதாவது முதல் தவணை கட்டும் நாளில் அந்த மாணவியின் கடன் ஆறு லட்சம் அல்ல, 8,10,000 ரூபாய்.

இதே தொகையை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அதன் போக்கு தெரியும். முதல் ஆண்டில் மாதம் 1,250 ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 15,000. இரண்டாம் ஆண்டில் கடன் மூன்று லட்சமாகிறது, வட்டி 30,000. மூன்றாம் ஆண்டில் 45,000. நான்காம் ஆண்டில் மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000. படிப்பு முடிந்து வேலை தேடும் ஐந்தாம் ஆண்டிலும் அதே 60,000. மொத்த வட்டியில் பாதிக்கும் மேல், அதாவது 1,20,000 ரூபாய், கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் சேர்கிறது. வேலைக்குப் போன பிறகும் விலக்குக் காலம் மிச்சமிருக்கிறதே என்று தவணையைத் தொடங்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்த மாணவிக்கு ஐயாயிரம் ரூபாய்ச் செலவு. மாதிரித் திட்டத்தில் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. ஆகவே முதல் சம்பளம் வந்த மாதத்திலிருந்தே கட்டத் தொடங்க எந்தத் தடையும் இல்லை.

விடுவிக்கும் நாளும் கணக்கை மாற்றும். ஆண்டுக் கட்டணத்தை ஒரே முறையாகக் கேட்காமல் பருவத்துக்கு 75,000 என்று கல்லூரி ஏற்றுக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டிலும் பாதித் தொகை ஆறு மாதம் தாமதமாகவே கடனாகிறது. அதனால் ஆண்டுக்கு 3,750 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வட்டி குறையும். கடனோடு ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வங்கிகள் உண்டு. அந்தப் பிரீமியம் முதல் நாளே கணக்கில் ஏறுவதால் 60 மாத வட்டியை முழுதாக இழுக்கும். ஆறாயிரம் ரூபாய்ப் பிரீமியம் தவணை தொடங்கும்போது ஒன்பதாயிரமாக நிற்கும்.

இனி முக்கியமான நாளுக்கு வரலாம்: விலக்குக் காலம் முடியும் நாள். அதுவரை சேர்ந்த 2,10,000 ரூபாய் ஒரு ரூபாய் வட்டியும் ஈட்டாமல் தனியாக நின்றது. அன்று அது அசலோடு சேர்க்கப்படுகிறது. மறுநாளிலிருந்து 8,10,000 ரூபாயும் அசல்; அது முழுவதற்கும் வட்டி. முந்தின மாதம்வரை மாதம் 5,000 ரூபாயாக இருந்த வட்டி, அடுத்த மாதம் 6,750 ரூபாயாக எழும்பும். புதிதாக யாரும் கடன் வாங்கவில்லை. பழைய வட்டி அசல் என்ற பெயரைப் பெற்றதுதான் காரணம்.

பத்து ஆண்டில் கட்டி முடிப்பதாக இருந்தால், 8,10,000 ரூபாய்க்கு மாதத் தவணை ஏறக்குறைய 10,704 ரூபாய். அந்த 2,10,000 ரூபாயை அசலாகும் முன்பே கட்டியிருந்தால் ஆறு லட்சத்துக்கு மட்டும் தவணை, அது 7,929 ரூபாய். மாதம் 2,775 ரூபாய் வித்தியாசம். 120 மாதத்துக்கு அது 3,33,000 ரூபாய். 2,10,000 ரூபாய் வட்டியைக் கட்டாமல் விட்டதற்கு, கூடுதலாக 1,23,000 ரூபாய் வட்டி.

அப்படியானால் படிக்கும்போதே மாதாமாதம் வட்டி கட்டிவிடுவதுதானே நல்லது என்று தோன்றும். வங்கி மேலாளர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் தனி வட்டியின் இயல்பைக் கவனித்தால் ஒரு நுணுக்கம் புலப்படும். சேர்ந்து நிற்கும் தனி வட்டிக்கு வட்டி இல்லை. ஆகவே முதல் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து 1,250 ரூபாயை அப்போதே கட்டினாலும், ஐந்து ஆண்டு கழித்து விலக்குக் காலம் முடிவதற்கு முந்தின நாள் கட்டினாலும், வங்கிக்குப் போவது அதே 1,250 ரூபாய்தான். மிச்சப்படும் அந்த 1,23,000 ரூபாய், வட்டி அசலாகும் முன் கட்டுவதால் கிடைப்பது; முதல் மாதத்திலேயே கட்டுவதால் கிடைப்பதல்ல.

வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். தந்தைக்கு மாதம் தவறாமல் வங்கிக்குக் கட்ட முடியாவிட்டாலும், கையில் இருக்கும்போது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ வங்கிச் சேமிப்புக் கணக்கிலோ போட்டு வரலாம். அவசரத்துக்கு அந்தப் பணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். விலக்குக் காலம் முடியும் முன் மொத்தமாக எடுத்து வட்டியைத் தீர்த்துவிடலாம். வைப்பின் வட்டியும் அவர்களுக்கே.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய விதிவிலக்கு ஒன்று உண்டு. படிப்புக் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டிவரும் கடனாளிக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் சலுகை தரலாம் என்று மாதிரித் திட்டம் வங்கிகளுக்கு இடம் கொடுக்கிறது. எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரும் வங்கியின் அனுமதிக் கடிதத்தில் அது எழுதியிருக்கும். மேலே கண்ட மாணவிக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் அந்தச் சலுகை கிடைத்தால், வட்டி 2,10,000 ரூபாயிலிருந்து 1,89,000 ரூபாயாகக் குறையும். 21,000 ரூபாய் மிச்சம். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் பணத்தைப் போட்டு வைப்பதைவிட, அத்தகைய வங்கியில் மாதாமாதம் கட்டுவதே லாபம். ஆனால் ஓரிரு மாதம் தவறினாலும் சலுகை போய்விடுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இந்த வழியில் இறங்க வேண்டும்.

இவ்வளவும் தனி வட்டிக்குப் பொருந்தும். வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள், குறிப்பாக வெளிநாட்டுப் படிப்புக்குப் பெருந்தொகை கொடுப்பவை, மாதிரித் திட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. படிக்கும்போதே வட்டி முழுவதையோ ஒரு பகுதியையோ கட்டச் சொல்லும் ஒப்பந்தங்களும், கட்டாத வட்டியை மாதந்தோறும் அசலில் சேர்க்கும் ஒப்பந்தங்களும் அவற்றில் உண்டு. அதே ஆறு லட்சம், அதே 10 சதவீதம், அதே தேதிகளில் வாங்கி மாதந்தோறும் வட்டி அசலில் சேர்ந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் 8,55,485 ரூபாயாக நிற்கும். தனி வட்டியைவிட 45,485 ரூபாய் அதிகம். மாதம் ஒருமுறை சேர்ப்பதால் பத்து சதவீதம் என்று சொல்லப்படும் வட்டி உண்மையில் ஆண்டுக்கு 10.47 சதவீதமாகிவிடுகிறது. இங்கே மேலே சொன்ன ஆறுதலுக்கு இடமில்லை. கட்டாத ஒவ்வொரு மாத வட்டியும் மறுமாதமே வட்டி ஈட்டத் தொடங்குவதால், எவ்வளவு சீக்கிரம் கட்டுகிறார்களோ அவ்வளவு நல்லது.

கணக்கில் ஏறுவது தனி வட்டியா கூட்டு வட்டியா என்பதைக் கடனாளியே கண்டுபிடித்துவிடலாம். வங்கிக் கணக்கு அறிக்கையில் மாதக் கடைசியில் வட்டி பற்று வைக்கப்படும். அதனால் நிலுவை மாதந்தோறும் ஏறும். இதைப் பார்த்து, வட்டிக்கு வட்டி போடுகிறார்கள் என்று பலர் பதறுகிறார்கள். நிலுவை ஏறுவது அதற்குச் சான்றாகாது. தனி வட்டியிலும் நிலுவை ஏறத்தான் செய்யும். பார்க்க வேண்டியது அந்த மாதத்துக்குப் பற்று வைத்த வட்டித் தொகையை.

வங்கி நாள் கணக்கில் வட்டி போடும். முதல் ஆகஸ்டில் ஒன்றரை லட்சத்துக்கு 31 நாள் வட்டி இப்படி வரும்: 1,50,000 × 10 ÷ 100 × 31 ÷ 365, அதாவது 1,274 ரூபாய். 30 நாள் மாதத்தில் இது சற்றுக் குறையும், பிப்ரவரியில் இன்னும் குறையும். முதல் மாதங்களில் தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் வித்தியாசம் சில ரூபாய்தான் என்பதால் அப்போது சோதிப்பதில் பயன் குறைவு. கடைசி ஆண்டில் சோதிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு ஜூலையில் ஆறு லட்சத்துக்கு 31 நாள் வட்டி 5,096 ரூபாய். பற்று அந்த அளவில் இருந்தால் தனி வட்டி. ஏழாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தால், வட்டி சேர்ந்த நிலுவையின் மேல் மறுபடி வட்டி ஓடுகிறது என்று பொருள். அப்போது அனுமதிக் கடிதத்தை எடுத்துச் சென்று, அதில் தனி வட்டி என்று இருந்தால், கணக்கைத் திருத்தும்படி எழுத்தில் கேட்கலாம். இதை அசலாகச் சேர்க்கும் நாளுக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. அதன் பிறகு எந்த ரூபாய் அசல், எந்த ரூபாய் வட்டி என்று பிரித்துக் காட்டுவது கடினமாகிவிடும்.

இந்தக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் ஏற்பாடும் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, பிள்ளை இந்தியாவிலேயே அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அல்லது தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தால், விலக்குக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசு மானியமாகத் தரும். 2009-10 கல்வியாண்டில் தொடங்கிய திட்டம் இது. கனரா வங்கி இதன் ஒருங்கிணைப்பு வங்கி. நம் மாணவி இதற்குத் தகுதியானவர் என்றால் 2,10,000 ரூபாயும் அரசின் பொறுப்பு. தவணை தொடங்கும்போது அவர் கடன் வெறும் ஆறு லட்சம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டம், குடும்ப வருமானம் எட்டு லட்சம்வரை உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்கு, பத்து லட்சம்வரையிலான கடனில் மூன்று சதவீத வட்டியை இதே காலத்துக்கு ஏற்கிறது. அப்படிக் கிடைத்தால் 2,10,000 ரூபாயில் 63,000 அரசுடையது, மீதி 1,47,000 மாணவியுடையது.

மானியம் தானாக வந்து சேராது. வருமானச் சான்று கொடுக்க வேண்டும். வங்கி அதை உரிய வலைதளத்தில் பதிந்து கோர வேண்டும். அதுவரை வட்டி கடனாளியின் கணக்கில்தான் பற்று வைக்கப்பட்டிருக்கும். மானியம் வந்ததும் வரவு வைக்கப்படும். விலக்குக் காலம் முடியும் நாளுக்குள் வரவு வராவிட்டால், மானியத்துக்கு உரிய வட்டியும் அசலில் சேர்ந்து தவணையைப் பெருக்கிவிடும். ஆகவே அந்த நாள் நெருங்கும்போது, எந்தெந்த ஆண்டுக்கு மானியம் வந்தது, எதற்கு வரவில்லை என்று கணக்கு அறிக்கையில் வரிவரியாகப் பார்த்து வங்கியில் கேட்க வேண்டியிருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டாலும், ஒழுங்கு நடவடிக்கையில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டாலும் மானியம் கிடையாது. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு.

இந்த மானியத்துக்கு முன் கடன் வாங்கியவர்களின் நிலை என்ன ஆனது என்பதும் இந்தக் கணக்கின் வலுவைக் காட்டும். 2009 மார்ச் 31 வரை கடன் வாங்கியவர்களுக்கு 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஒரு நிவாரணம் அறிவித்தார். 2013 டிசம்பர் 31 அன்று நிலுவையில் இருந்த வட்டியை அரசு ஏற்கும், அதன் பின் வரும் வட்டியைக் கடனாளி கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்கள், 2,600 கோடி ரூபாய் என்று அன்று கணக்குச் சொல்லப்பட்டது.

மேலே போட்ட கணக்கில் இரண்டு இடங்கள் பின்னால் அசையக்கூடியவை. ஒன்று வட்டி விகிதம். பெரும்பாலான கல்விக் கடன்கள் மாறும் வட்டியில் கொடுக்கப்படுகின்றன; ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் நகர்ந்தால் இவையும் நகரும். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அரை சதவீதம் ஏறியது என்றால், அதன்பின் நிற்கும் தொகைகளுக்கு மட்டும் கூடுதல் வட்டி: நான்கரை லட்சத்துக்கு 2,250, பிறகு ஆறு லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 வீதம் இரண்டு ஆண்டு. மொத்தம் 8,250 ரூபாய். ஆறு லட்சத்துக்கு இது பெரிய இடி அல்ல.

பெரிய இடி காலத்தில்தான் இருக்கிறது. அரியர் பாடங்களாலோ உடல்நலக் குறைவாலோ படிப்பு ஓராண்டு நீண்டால், வங்கி விலக்குக் காலத்தை நீட்டிக்க மாதிரித் திட்டம் இடம் தருகிறது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுவரை. நீட்டிப்புக் கேட்காமல் விட்டால், படித்துக்கொண்டிருக்கும்போதே தவணை தொடங்கி, கட்ட முடியாமல் கணக்கு வாராக் கடன் பட்டியலுக்குப் போய்விடக்கூடும். நீட்டிப்புக் கிடைத்தாலும் அந்த ஓராண்டுக்கு இன்னும் 60,000 ரூபாய் வட்டி சேரும். 8,10,000 என்ற எண் 8,70,000 ஆகும். பத்து ஆண்டுத் தவணை 11,497 ரூபாயாக ஏறும். அரசு மானியம் பெறுபவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆண்டின் வட்டி மானியத்துக்குள் வராது. படிப்புக்கென முதலில் குறித்த காலமும் அதன் பின் ஓராண்டும் மட்டுமே அதன் எல்லை.